லப்டொப் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது: திருமலைக் கிளை ஊழியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் கம்பனி வள்ள இயந்திரங்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும் விற்கிறது. தலைமையகமும் தொழில்நுட்ப உதவிப் பிரிவும் கொழும்பில். திருகோணமலைக் கிளையில் ஐ.டி. வேலையையும் சேர்த்துப் பார்ப்பதால், "லப்டொப் இழுக்குது" என்ற முறைப்பாடு முதலில் என் மேசைக்குத்தான் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு கம்பனிகளில் படிவம் வேறாக இருக்கலாம், ஆனால் டிக்கெட்டைப் பார்க்கிறவர் தேடுவது பெரும்பாலும் இதே விஷயங்கள்தான்.

"லப்டொப் சரியான ஸ்லோ, மாத்தித் தாங்கோ எண்டு டிக்கெட் போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோ எண்டு பதில் போட்டுட்டு மூடிட்டினம். ஏன்?"

"ஸ்லோ" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியாது. டிக்கெட்டைப் பார்க்கும் பெடியனுக்குத் தெரிய வேண்டியது மூன்று: எந்த வேலை செய்யும்போது மெதுவாகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது, அந்த நேரத்தில் லப்டொப்பின் எந்தப் பாகம் திணறுகிறது. இவை இல்லாவிட்டால் அவர் கையில் இருக்கும் முதல் பதிலைத் தருவார். அது ரீஸ்டார்ட்.

அந்தப் பதிலைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். அதில் பாதி நியாயம் இருக்கிறது. பலர் "நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஷட்டவுன் பண்ணிட்டுத்தானே போறேன்" என்பார்கள். விண்டோஸில் Fast startup என்று ஒரு வசதி பல லப்டொப்களில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது இருக்கும்வரை ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்பகுதி முழுதாக மூடப்படுவதில்லை. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். Restart கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். Ctrl+Shift+Esc அழுத்தி Task Manager-ஐத் திறந்து, Performance பக்கத்தில் CPU-வைத் தெரிவு செய்தால் கீழே Up time என்று ஒரு எண் தெரியும். தினமும் அணைக்கும் லப்டொப்பிலும் அது 19 நாள், 30 நாள் என்று காட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே முதலில் ஒருமுறை Restart செய்யுங்கள். ஒரு நாள் வேலை பாருங்கள். மறுபடியும் இழுத்தால், "Restart செய்த பிறகும் இதே நிலை, Up time 1 நாள்" என்று டிக்கெட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அந்தக் கதவு அத்தோடு மூடிவிடும்.

"நான் கணக்குப் பிரிவு. எனக்கு இந்த ரேம், சிபியு ஒண்டும் விளங்காது. எதை எடுத்து அனுப்புறது?"

விளங்கத் தேவையில்லை. படம் எடுத்து அனுப்பினால் போதும், ஆனால் லப்டொப் திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும். எல்லாம் அமைதியாக இருக்கும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்த படத்தில் எந்தக் குறையும் தெரியாது.

காலையில் லப்டொப்பைப் போட்டதும் Task Manager-ஐத் திறந்து ஒரு பக்கத்தில் விட்டுவிடுங்கள். வழக்கமான வேலையைத் தொடங்குங்கள். எக்செல் உறைந்து, மேலே "Not Responding" என்று வரும் அந்த நேரத்தில் Windows+Shift+S அழுத்தி Memory, Disk, CPU மூன்றையும் ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். அதுவும் உறைந்துவிட்டால் ஃபோனில் எடுங்கள், பரவாயில்லை.

Memory பக்கத்தில் Committed என்ற இடத்தைப் பாருங்கள். 7.1/8.9 GB என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். லப்டொப்பில் இருக்கும் ரேம் 4 ஜிபி, Committed-இன் முதல் எண் 7.1 என்றால், திறந்திருக்கும் வேலைகள் கேட்கும் இடம் ரேமில் இல்லை, மிச்சத்துக்கு டிஸ்க்கைப் பாவிக்கிறது என்று அர்த்தம். டிஸ்க் ரேமைவிடப் பன்மடங்கு மெதுவானது. நீங்கள் ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு தடவையும் காத்திருப்பது அதனால்தான்.

Disk பக்கத்தில், இடது பக்கப் பட்டியலில் Disk 0 என்பதற்குக் கீழே HDD அல்லது SSD என்று எழுதியிருக்கும். HDD என்றிருந்து, Active time 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, வாசிக்கும் வேகம் மட்டும் 1, 2 MB/s என்று இருந்தால், அந்த ஒரு படமே பாதி டிக்கெட். சுழலும் தட்டு எங்கெங்கோ ஓடியோடித் தேடுகிறது, வேலை நடக்கவில்லை என்பதைக் கணினி தெரிந்தவர் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்.

CPU பக்கத்தில் Speed, Base speed இரண்டும் படத்தில் விழுந்தால் போதும். அதன் கதையைக் கீழே வெக்கை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"ஸ்டொக் ஃபைல் கொழும்பு சேர்வரில இருக்கு. அதைத் திறக்கத்தான் நேரம் எடுக்குது. அதுவும் லப்டொப் பிழைதானே?"

பெரும்பாலும் இல்லை. இந்த இடத்தில்தான் நம் கிளையின் கோரிக்கைகள் அதிகம் அடிபடுகின்றன. கொழும்பில் இருப்பவர் அதே ஃபைலைத் தன் மேசையில் இருந்து திறந்து பார்ப்பார், உடனே திறக்கும். அவர் சேர்வருக்குப் பக்கத்தில் இருக்கிறார். நாம் வி.பி.என். வழியாகப் போகிறோம்.

சோதிப்பது சுலபம். அந்த ஃபைலை ஒருமுறை உங்கள் Desktop-க்குப் பிரதி எடுங்கள். சேர்வரில் இருப்பதைத் திறக்க எவ்வளவு நேரம், Desktop பிரதியைத் திறக்க எவ்வளவு நேரம் என்று ஃபோனில் இருக்கும் ஸ்டொப்வொச்சால் பாருங்கள். Desktop-இல் சட்டென்று திறந்து சேர்வரில் இழுத்தால் வலையமைப்புப் பிரச்சினை. புது லப்டொப் வந்தாலும் அது அப்படியே இருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே அளவுக்கு இழுத்தால் லப்டொப்தான். (பரீட்சைக்கு எடுத்த பிரதியை அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் யாராவது அதில் ஸ்டொக்கைத் திருத்திவிட்டுச் சேர்வரில் காணவில்லை என்று தேடுவார்கள்.)

வலையமைப்புத்தான் என்று சந்தேகம் வந்தால், Command Prompt என்ற கறுப்பு ஜன்னலைத் திறந்து இதை அடித்து, கடைசி நான்கு வரிகளைப் படம் எடுங்கள். server-name இருக்கும் இடத்தில் உங்கள் சேர்வரின் பெயரைப் போட வேண்டும்.

```
ping -n 50 server-name
```

Lost = 0 என்று வராமல் ஐந்து, ஆறு என்று வந்தாலோ, Minimum-க்கும் Maximum-க்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தாலோ, அது தனி டிக்கெட். லப்டொப் கோரிக்கையோடு சேர்த்து அனுப்பினால் இரண்டும் கெட்டுவிடும்.

"காலமை நல்லா ஓடுது. பதினொரு மணிக்குப் பிறகு கட்டை வண்டி மாதிரி. இதுக்கும் மாத்தித் தருவினமோ?"

இதற்கு மாற்றித் தருவதற்கு முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் திருமலையின் மத்தியான வெக்கை எப்படியென்று கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது. உட்துறைமுக வீதிப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்கிற இடங்களில் தூசியும் உப்புக் காற்றின் ஈரமும் சேர்ந்து லப்டொப்பின் விசிறிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடுகளில் ஒரு கம்பளித் துண்டு போலப் படிந்துவிடும். காற்று வெளியேற வழியில்லாமல் போனால் செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கண்டுபிடிப்பது இப்படி. மெதுவாகும் நேரத்தில் CPU பக்கத்தில் Speed-ஐப் பாருங்கள். Base speed 2.30 GHz என்று இருக்க, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே Speed 0.8 அல்லது அதற்கும் கீழே ஒட்டிக்கொண்டு நின்றால், செயலியை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் Speed குறைவது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வேலை செய்யும்போதும் ஏறாவிட்டால்தான் கவனிக்க வேண்டும்.

அந்த "ஏதோ ஒன்று" எப்போதும் வெக்கையாக இருக்காது. சார்ஜரையும் பாருங்கள். பழைய சார்ஜர் பழுதாகி, டவுனில் கிடைத்த ஏதோ ஒன்றை வாங்கிப் போட்டவர்கள் நம்மிடையே பலர். சில லப்டொப்கள் தன் கம்பனியின் சார்ஜர் இல்லையென்று கண்டால், அல்லது வலு போதாது என்று கண்டால், வேகத்தை வேண்டுமென்றே குறைத்துவிடும். சார்ஜரின் முதுகில் Output என்ற இடத்தில் 19.5V, 2.31A என்று அச்சடித்திருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: கிட்டத்தட்ட 45 வாட். லப்டொப்போடு வந்தது 65 வாட் (19.5V, 3.34A) சார்ஜர் என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓடும்போது Speed ஏறுகிறதா என்று பார்ப்பதும் நல்ல சோதனை. ஏறினால் சார்ஜர்தான்.

சுத்தம் செய்து, சரியான சார்ஜர் போட்ட பிறகும் மத்தியானத்தில் வேகம் விழுந்தால், அதையும் படத்தோடு எழுதலாம். சுத்தம் செய்யாமல் எழுதினால் "சுத்தம் செய்து பாருங்கள்" என்று வரும். வீட்டில் நீங்களே திறக்க வேண்டாம். கிளைக்குக் கொண்டுவாருங்கள்.

"சரி, டிக்கெட்டில என்ன எழுதுறது? ஒரு மாதிரி காட்டுங்கோ."

கணக்குப் பிரிவு அக்கா ஒருவரின் கோரிக்கையையே காட்டுகிறேன், அவர் சம்மதத்தோடு. அவருடைய லப்டொப்பில் ஏழாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். வேலை, கவுண்டரில் நிற்கிறவருக்கு இன்வொய்ஸ் அடிப்பதும் ஸ்டொக் பார்ப்பதும். வள்ளம் கரைக்கு வந்து மீனைக் கொடுத்துவிட்டு ஆட்கள் நம்மிடம் வருவது ஒன்பது, பத்து மணிக்கு. கிண்ணியாவிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வந்தவர்கள் ஒரு கார்பரேற்றர் கிட்டுக்காக நின்றுகொண்டிருக்க, திரையில் நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். "என்ன தங்கச்சி, கொம்பியூட்டர் நித்திரையோ?" என்று ஒரு ஐயா கேட்டது கிளை முழுக்கப் பிரபலம்.

முதலில் அவர் எழுதியது "மிகவும் மெதுவாக உள்ளது, தயவுசெய்து புதியது தரவும்" என்ற ஒரு வரி. அது ஒரு பயனும் இல்லாமல் மூடப்பட்டது. பிறகு ஒரு சாதாரண வேலை நாளில் ஃபோனை மேசையில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்தோம். பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து இன்வொய்ஸ் அடிக்கத் தயாராகும்வரை 9 நிமிடம். ஸ்டொக் எக்செல் ஃபைலை Desktop பிரதியில் திறக்க மூன்றரை நிமிடம், அதை ஒரு நாளில் நான்கு முறை மூடித் திறக்க வேண்டும், ஆகவே 14 நிமிடம். ஒரு இன்வொய்ஸுக்கு ஜன்னல் மாறிக் காத்திருப்பது 40 செக்கன், நாளுக்கு ஏறக்குறைய 30 இன்வொய்ஸ், ஆகவே 20 நிமிடம். மொத்தம் 43 நிமிடம்.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. 43 நிமிடம் என்பது அதிகமா குறைவா என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து மேசையில் இருக்கும் புதிய லப்டொப்பில் அதே வேலையை, அதே ஃபைலை வைத்து அளந்தோம். 1 நிமிடம், 2 நிமிடம், 4 நிமிடம், ஆக 7. வித்தியாசம் நாளுக்கு 36 நிமிடம். மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்தால் 13 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். ஒன்றரை வேலை நாளுக்கும் கூட.

அனுப்பிய டிக்கெட் இது:

> பொருள்: லப்டொப் மாற்றீடு, திருகோணமலைக் கிளை, கணக்குப் பிரிவு (சொத்து இலக்கமும் தொடர் இலக்கமும் கீழே)
>
> Restart செய்த பிறகும் இதே நிலை. Up time 1 நாள். விசிறி சுத்தம் செய்யப்பட்டது, கம்பனி சார்ஜர்.
>
> கவுண்டரில் இன்வொய்ஸ் அடிக்கும்போது வாடிக்கையாளர் காத்திருக்கிறார். அதே வேலைக்கு இந்த லப்டொப்பில் நாளுக்கு 43 நிமிடக் காத்திருப்பு, பக்கத்து மேசை லப்டொப்பில் 7 நிமிடம். அளந்த விதம் இணைப்பில்.
>
> மெதுவாகும் நேரத்தில் எடுத்த படங்கள்: Memory Committed 7.1/8.9 GB (ரேம் 4 ஜிபி). Disk HDD, Active time 100%, 1.4 MB/s. CPU Speed 2.3 GHz, ஆகவே வெக்கைப் பிரச்சினை இல்லை.
>
> சேர்வர் ஃபைல் அல்ல, Desktop பிரதியிலும் இதே நேரம்.
>
> செயலி ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்காது. வொரண்டி முடிந்துவிட்டது.
>
> தேவை: குறைந்தது 8 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் உள்ள, விண்டோஸ் 11 ஓடும் லப்டொப். மாத இறுதிக் கணக்குக்கு முன் கிடைத்தால் நல்லது.

கொழும்புக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் இதே ஒழுங்கில் எழுதலாம். கவனித்தீர்களா, "புத்தம் புதியது" என்றோ, ஏதாவது ஒரு மொடலின் பெயரோ அதில் இல்லை. தேவையைச் சொன்னால் அவர்கள் கையில் இருப்பதிலிருந்து எடுத்துத் தர வழி கிடைக்கும். மொடலைச் சொன்னால் அது இல்லையென்று பதில் வரும்.

தொடர் இலக்கம் லப்டொப்பின் அடியில் அழிந்து போயிருந்தால் PowerShell-இல் இதை அடியுங்கள்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

"மாத்த ஏலாது, எஸ்.எஸ்.டி. போட்டு ரேம் கூட்டித் தாறம் எண்டு சொல்லுகினம். ஏமாத்துகினமோ?"

இல்லை. பல லப்டொப்களுக்கு அதுதான் சரியான மருந்து. எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியோ அதற்குப் பிந்தியதோ இருந்து, உள்ளே HDD ஓடிக்கொண்டிருந்தால், எஸ்.எஸ்.டி. போட்டவுடன் உங்களுக்கு வேறு லப்டொப் கிடைத்தது போலவே இருக்கும். சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றீட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட அது நல்லது.

மறுத்துக் கேட்கலாம் என்று நான் சொல்வது இரண்டு இடங்களில். ஒன்று, ரேம் பலகையிலேயே ஒட்டப்பட்டிருக்கும் லப்டொப். Task Manager-இன் Memory பக்கத்தில் Form factor என்ற இடத்தில் SODIMM என்றிருந்தால் ரேம் கழற்றி மாட்டும் வகை. Row of chips என்றிருந்தால் ஒட்டியது. அப்படி ஒட்டிய ரேம் 4 ஜிபியாக இருந்து, கூடுதலாக மாட்ட இடமும் இல்லையென்றால், எஸ்.எஸ்.டி. போட்டாலும் எக்செல், பிரவுசர், இன்வொய்ஸ் மூன்றும் சேர்ந்து திறந்திருக்கும் வேலைக்குத் தாங்காது.

மற்றது, செயலியின் வயது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி லப்டொப்பில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் பட்டியலில் இருக்கிறது. அதற்கு முந்திய செயலி உள்ள லப்டொப்பில் எஸ்.எஸ்.டி.க்குச் செலவழித்தால், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ஒரு கணினியை வேகமாக்கியதுதான் மிச்சம். நிறுவனங்கள் பணம் கட்டி மேலும் மூன்று ஆண்டுகளுக்குத் திருத்தங்களைப் பெறலாம், ஆனால் அந்தக் கட்டணம் ஒவ்வொரு ஆண்டும் இருமடங்காகிறது. கணக்குப் பிரிவுக்கு இந்த ஒரு வரியைச் சொன்னாலே போதும், மிச்சத்தை அவர்களே கூட்டிப் பார்ப்பார்கள்.

மேலே சொன்ன அக்காவுக்கும் முதலில் எஸ்.எஸ்.டி.தான் சொன்னார்கள். டிக்கெட்டில் ஏழாம் தலைமுறை என்ற வரி இருந்ததால், பதில் போட்ட அதே ஆள் அடுத்த நாள் தானே அதைத் திருத்தி மாற்றீட்டுக்கு அனுப்பினார்.

"சேர் கையெழுத்துப் போடமாட்டன் எண்டிறார். பட்ஜெட் இல்லையாம்."

முகாமையாளரிடம் ரேம், டிஸ்க் பற்றிப் பேச வேண்டாம். மாதத்துக்கு 13 மணித்தியாலம் போகிறது, கவுண்டரில் ஆட்கள் நிற்கிறார்கள், இந்த இரண்டையும் சொல்லுங்கள். அந்த லப்டொப் எந்த ஆண்டில் வாங்கியது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் வருமான வரிக்குக் கணினிகளின் பெறுமானத் தேய்வை 5 ஆண்டுகளுக்குப் பிரித்துப் போடுவார்கள். அந்தக் காலம் தாண்டியது என்றால் ஏட்டில் அதற்குப் பெறுமானமே இருக்காது, மாற்றுவதற்கு எதிராகச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அதற்குப் பிறகும் இல்லையென்றால், அடுத்த பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஆரோ பாவிச்ச லப்டொப்பைத்தான் தருவினமாம். வாங்கலாமோ?"

வாங்கலாம். பத்தாம், பதினோராம் தலைமுறை ஐ5, 16 ஜிபி, எஸ்.எஸ்.டி. என்றால் நம் கிளை வேலைக்கு அதிகம்கூட. அக்காவுக்குக் கிடைத்ததும் கொழும்பில் ஒருவர் விலகியபோது திரும்பி வந்த லப்டொப்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் விசைப்பலகையில் எல்லா விசையும் வேலை செய்கிறதா, பற்றரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். பற்றரிக்கு இது:

```
powercfg /batteryreport
```

வரும் அறிக்கையில் Full charge capacity, Design capacity-யின் பாதிக்கும் குறைவாக இருந்தால் புதுப் பற்றரி கேளுங்கள். கரண்ட் போகும் நாளில்தான் இதன் அருமை தெரியும்.

"பழசைக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லுகினம். அதுவரைக்கும் நான் எதில வேலை செய்யிறது?"

மாற்று லப்டொப் கைக்கு வந்து, உங்கள் வேலை அதில் ஓடுகிறது என்று உறுதியான பிறகே பழையதை அனுப்புவதாக டிக்கெட்டிலேயே எழுதுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். முடியாது என்றால் கிளையில் ஒரு இரவல் லப்டொப் இருக்கிறது, மெதுவானதுதான், ஆனால் ஓடும்.

இதில் ஒரு விதிவிலக்கு. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, லப்டொப்பின் அடிப்பகுதி உப்பி மேசையில் தட்டையாக உட்காராமல் ஆடினாலோ, பற்றரி வீங்கியிருக்கிறது. வேகத்தைப் பற்றி யோசிக்காமல் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, எனக்குச் சொல்லுங்கள். அதை பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்பக் கூடாது. அழுத்திப் பார்க்கவும் வேண்டாம்.

"புது லப்டொப் வந்தாப் பிறகு பழைய தமிழ்க் கடிதமெல்லாம் இங்கிலிஸ் எழுத்தாத் தெரியுதாம். உண்மையோ?"

உண்மை. நம்முடைய பழைய கடிதங்களும் பிரதேச செயலகத்துக்கு அனுப்பிய படிவங்களும் பாமினியில் அடித்தவை. பாமினி யூனிகோட் இல்லை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்கள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் "அம்மா" என்பது mk;kh என்று தெரியும். கொழும்பில் லப்டொப்பைத் தயார் செய்பவர்கள் இதை யோசிக்கமாட்டார்கள், ஆகவே எழுத்துரு ஃபைலைப் பழைய லப்டொப்பின் C:\Windows\Fonts-இலிருந்து முன்கூட்டியே எடுத்து வையுங்கள். யூனிகோடில் அடிக்கப் பாவிக்கும் விசைப்பலகை மென்பொருள் எதுவென்றும் குறித்து வையுங்கள்.

மற்றது Outlook. சேர்வரில் இல்லாமல் கணினியிலேயே கிடக்கும் பழைய மின்னஞ்சல்கள் .pst என்று முடியும் ஃபைலில் இருக்கும். பெரும்பாலும் Documents-க்குள் Outlook Files என்ற கோப்புறையில். OneDrive எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடும் என்று நம்பி இதை விட்டுவிடாதீர்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், கவுண்டர் பிரின்டரின் ட்ரைவர், வங்கித் தளத்துக்குப் போகும் டோக்கன் இவையும் அப்படித்தான். பழையதை ஒரு கிழமைக்காவது அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"எனக்குச் சொந்த லப்டொப் இருக்கு, புதுசு. அதிலயே செய்யட்டோ?"

வேண்டாம். கம்பனியின் வி.பி.என். அதில் போடமாட்டார்கள், போட்டாலும் வாடிக்கையாளர் கணக்குகள் உங்கள் வீட்டுக் கணினியில் கிடக்கும். அதோடு, வேலை எப்படியோ நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் டிக்கெட் வரிசையின் கடைசிக்குப் போய்விடும்.

"பழைய லப்டொப்பைப் பிள்ளைக்கு வாங்கலாமோ?"

சில கம்பனிகள் கழித்த கணினிகளை ஊழியர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுக்கின்றன. நம்மிடம் நிதிப் பிரிவுதான் தீர்மானிக்கும், டிஸ்க்கை முழுதாக அழித்த பிறகே தருவார்கள். ஏழாம் தலைமுறை லப்டொப் என்றால் எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை நிறுவினால் பள்ளிக்கூட வேலைக்கு நன்றாக ஓடும். விண்டோஸ் 10-ஐ அப்படியே விட்டு அதில் வங்கி வேலை பார்க்க வேண்டாம். நிறுவத் தெரியாவிட்டால் சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு கொண்டுவாருங்கள், எஸ்.எஸ்.டி.யை மட்டும் நீங்களே வாங்கி வர வேண்டும்.